60 ஆகிவிட்டது, ஆனால் எந்த அட்டைப்படி? ரயிலிலும் வங்கியிலும் வயதை எப்படிப் பார்க்கிறார்கள்

ஆதார் பிறந்த தேதிக்குச் சான்று இல்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது என்கிறார்கள். அதே ஆதாரைக் காட்டித்தான் வங்கியில் மூத்த குடிமக்கள் வட்டி வாங்குகிறோம், ரயிலில் டிக்கெட் பரிசோதகரிடம் நீட்டுகிறோம். அப்படியானால் இது செல்லுமா செல்லாதா? தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் 60ஐத் தொட்டவர்களில் பாதிப் பேரிடம் மூன்று அட்டை இருந்தால் மூன்று வயது இருக்கும், அதனால் இந்தக் கேள்வி இங்கே கொஞ்சம் கூடுதலாகவே எழுகிறது.

சுருக்கமான பதில்: சில இடங்களில் செல்லும், சில இடங்களில் செல்லாது. காரணம், ஒவ்வொரு அலுவலகமும் கேட்கும் கேள்வியே வேறு.

அடையாளம் வேறு, வயதுச் சான்று வேறு

அடையாளச் சான்று என்றால் "இந்த ஆள் நீங்கள்தானா" என்ற கேள்விக்குப் பதில். வயதுச் சான்று என்றால் "நீங்கள் எப்போது பிறந்தீர்கள் என்று பிறந்த காலத்துக்கு அருகில் யாராவது எழுதி வைத்தார்களா" என்ற கேள்விக்குப் பதில். ஒரே அட்டையில் படமும் தேதியும் சேர்ந்து இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறோம். ஆதார் முதல் கேள்விக்குப் பிரமாதமான பதில், விரல் ரேகை வரை இருக்கிறது. இரண்டாவதற்கு அது சொல்வதெல்லாம், பதிவு செய்த அன்று நீங்கள் என்ன சொன்னீர்களோ அதைத்தான்.

2024 அக்டோபர் 24 அன்று ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான். இறந்தவரின் வயதைக் கணக்கிட ஆதார் தேதியை எடுக்காமல், பள்ளி விடுப்புச் சான்றிதழில் இருந்த தேதியை எடுத்துக்கொண்டது. ஆதார் ஆணையமே 2023இல் ஒரு சுற்றறிக்கையில், ஆதார் அடையாளத்துக்குப் பயன்படும், தன்னளவில் பிறந்த தேதிச் சான்று ஆகாது என்று சொல்லியிருந்ததை நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. வருங்கால வைப்பு நிதி நிறுவனமும் 2024 ஜனவரியில் பிறந்த தேதிக்கான ஆவணப் பட்டியலில் இருந்து ஆதாரை நீக்கிவிட்டது.

ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் பதற வேண்டாம். பிறந்த தேதியில் தகராறு வந்தால் எதை நம்புவது என்பதற்கான பதில் அது. தகராறே இல்லாத இடத்தில், எல்லா அட்டையிலும் ஒரே தேதி இருக்கும்போது, வங்கியில் ஆதாரை வைத்து வயதை ஏற்றுக்கொள்வதை இந்தத் தீர்ப்பு நிறுத்தவில்லை.

நம் ஆட்களுக்கு ஏன் ஜனவரி 1 அன்றே பிறந்தநாள்?

வீட்டில் பெரியவர்களின் ஆதாரை எடுத்துப் பாருங்கள். பலருக்கு 01/01 என்று இருக்கும், சிலருக்கு ஆண்டு மட்டும் இருக்கும். 2011, 2012இல் பள்ளிக்கூடத்திலும் சமுதாயக் கூடத்திலும் முகாம் போட்டு ஆதார் எடுத்தபோது, தேதி தெரியாதவரிடம் "வயசு எவ்வளவுங்க" என்று கேட்டு, அந்த ஆண்டிலிருந்து கழித்து ஒரு பிறந்த ஆண்டைப் போட்டார்கள். ஆதார் கணக்கில் பிறந்த தேதிக்கு மூன்று தரம் உண்டு: சான்று பார்த்துப் பதிந்தது, சான்று இல்லாமல் வாயால் சொன்னது, உத்தேசமானது. அட்டையில் இந்த வித்தியாசம் தெரியாது, உள்ளே பதிவில் இருக்கும்.

வாக்காளர் அட்டை கதையும் இதுதான். 1990களில் கொடுத்த பழைய அட்டையில் பிறந்த தேதியே கிடையாது, "1.1.1995 அன்று வயது 32" என்ற மாதிரி இருக்கும். ஓட்டுப் போட 18 ஆகிவிட்டதா என்பதே அங்கே விஷயம், 32ஆ 34ஆ என்று யாரும் கவலைப்படவில்லை.

சரி, பிறப்புச் சான்றிதழ்? இன்றைக்கு 60 ஆகிறவர் 1960களில் பெரும்பாலும் வீட்டிலேயே பிறந்தவர். பிறப்பை எழுதியது ஊர் மணியக்காரர். இப்போதுள்ள பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969ஆம் ஆண்டுச் சட்டம், அதற்கு முன்பு 1899ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டம் இருந்தது. எழுதியிருந்தாலும் அதில் "ஆண் குழந்தை, தகப்பன் பெயர் இன்னார்" என்றுதான் இருக்கும், பிள்ளைக்கு அப்போது பெயரே வைத்திருக்க மாட்டார்கள்.

இங்கே நம் பக்கத்துக்கே உரிய ஒரு குழப்பம். தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2 அன்று. கிருஷ்ணகிரி தருமபுரியிலிருந்து பிரிந்தது 2004 பிப்ரவரி 9 அன்று. அதனால் ஊத்தங்கரையில் 1964இல் பிறந்தவர் சேலம் மாவட்டத்தில் பிறந்து, தருமபுரி மாவட்டத்தில் வளர்ந்து, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓய்வெடுக்கிறார், ஊரை விட்டு நகராமலே. ஆவணங்களில் மாவட்டப் பெயர் மாறி இருந்தால் அது பிழை அல்ல. கவுன்டரில் இருப்பவர் வேறு ஊர்க்காரர் என்றால் இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ரயிலில் என்ன பார்க்கிறார்கள்

முதலில் ஒரு பழைய செய்தி, இன்னும் பலருக்குப் போய்ச் சேரவில்லை. ஆண்களுக்கு 60 வயதில் 40 சதவீதம், பெண்களுக்கு 58 வயதில் 50 சதவீதம் என்று இருந்த ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச் 20 அன்று நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு அது திரும்ப வரவில்லை. தருமபுரி ஸ்டேஷன் கவுன்டரில் இதற்காகச் சண்டை போட்டுப் பயனில்லை, அவர் கம்ப்யூட்டரில் அந்தச் சலுகையே கிடையாது.

இப்போது மிச்சம் இருப்பது கீழ்ப் படுக்கை. 60 முடிந்த ஆண்களுக்கும் 45 முடிந்த பெண்களுக்கும் ஒவ்வொரு பெட்டியிலும் சில கீழ்ப் படுக்கைகளை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், ஸ்லீப்பர் பெட்டி ஒன்றில் ஆறு, ஏழு. இதில் பலர் தவறவிடுவது ஒன்று: அந்த ஒதுக்கீட்டில் இடம் வேண்டுமானால் டிக்கெட்டில் ஒருவர், அதிகபட்சம் இருவர்தான் இருக்க வேண்டும், அந்த இருவரும் இந்த வயது வரம்புக்குள் வர வேண்டும். அப்பா, அம்மா, மகன் மூவரும் ஒரே டிக்கெட்டில் என்றால் கணினி அந்த ஒதுக்கீட்டைத் தொடாது. பெற்றோருக்குத் தனி டிக்கெட், மகனுக்குத் தனி டிக்கெட் போடுங்கள்.

வயதை எப்படிச் சரிபார்க்கிறார்கள்? முன்பதிவின்போது நீங்கள் எழுதும் வயதை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். பயணத்தின்போது பரிசோதகர் அசல் அடையாள அட்டை ஒன்றைக் கேட்பார். ஆதார், பான், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், படம் ஒட்டிய அரசு வங்கி பாஸ்புக் என்று பட்டியல் நீளம். அதில் எது வேண்டுமானாலும் காட்டலாம். வயது தெளிவாக இருக்கும் அட்டையைக் காட்டினால் பேச்சுக்கு இடமில்லை, எனவே டிக்கெட்டில் எழுதிய வயது எந்த அட்டைப்படியோ அந்த அட்டையையே எடுத்துப் போங்கள். ஜெராக்ஸ் ஆகாது. போனில் என்றால் எம்-ஆதார் அல்லது டிஜிலாக்கரில் இருப்பது செல்லும், கேலரியில் இருக்கும் போட்டோ செல்லாது.

பேருந்து விஷயம் சின்னது. அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு வயது எதுவானாலும் இலவசம், வயதுச் சான்றுக்கு வேலையே இல்லை. ஆண்களுக்கு 60 வயதில் மாதம் 10 டோக்கன் என்று கேள்விப்படுவது சென்னை மாநகரப் பேருந்துக்கு, சென்னையில் குடியிருப்பவர்களுக்கு. பென்னாகரத்திலிருந்து போய் அதைக் கேட்க முடியாது.

வங்கியில் அட்டையைப் பார்ப்பதில்லை, பதிவைப் பார்க்கிறார்கள்

இங்கேதான் பணம் இருக்கிறது, சிக்கலும் இருக்கிறது. நீங்கள் கவுன்டரில் எந்த அட்டையை நீட்டினாலும், வட்டி விகிதத்தை முடிவு செய்வது உங்கள் வாடிக்கையாளர் பதிவில் ஏற்கெனவே ஏறியிருக்கும் பிறந்த தேதி. கணக்கு 2014இல் ஜன்தன் முகாமில் ஆதார் வைத்துத் திறந்தது என்றால், ஆதாரில் இருந்த உத்தேசத் தேதி அப்படியே உள்ளே போயிருக்கும்.

2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் ஒரு அறிவுறுத்தல் அனுப்பியது. கேஒய்சி முழுமையாக முடிந்த கணக்கு என்றால், பதிவில் உள்ள பிறந்த தேதிப்படி 60 ஆனதும் அது தானாகவே மூத்த குடிமக்கள் கணக்காக மாற வேண்டும், வாடிக்கையாளர் வந்து கேட்க வேண்டியதில்லை. கிளையில் "தனியா சீனியர் சிட்டிசன் கார்டு கொண்டாங்க" என்று யாராவது சொன்னால், இந்த அறிவுறுத்தலைப் பணிவாக நினைவூட்டலாம். பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து அச்சடிக்கும் பிளாஸ்டிக் அட்டையை எந்த அலுவலகமும் வயதுச் சான்றாக எடுக்காது, அதில் காசைப் போடாதீர்கள்.

ஆனால் இரண்டு இடத்தில் தானாக எதுவும் நடக்காது.

1. 59 வயதில் போட்ட டெபாசிட், நடுவில் 60 ஆனாலும் பழைய விகிதத்திலேயே முதிர்வு வரை போகும். போட்ட நாளில் உள்ள வயதுதான் கணக்கு. புதுப்பிக்கும்போதுதான் கூடுதல் வட்டி வரும், பெரும்பாலான வங்கிகளில் அரை சதவீதம்.

2. கூட்டு டெபாசிட்டில் முதல் பெயர் யாருடையது என்று பார்ப்பார்கள். மகன் பெயர் முதலில், அம்மா பெயர் இரண்டாவது என்றால் பொதுவாகக் கூடுதல் வட்டி கிடைக்காது.

கிடைத்ததா இல்லையா என்று கண்டுபிடிக்க, டெபாசிட் ரசீதில் உள்ள விகிதத்தைக் கிளையில் தொங்கும் பலகையோடு ஒப்பிட்டால் போதும். பொது விகிதமே ரசீதில் இருந்தால், உங்கள் பதிவில் என்ன பிறந்த தேதி இருக்கிறது என்று அங்கேயே கேளுங்கள்.

வருமான வரிக்கு மட்டும் கணக்கு வேறு. நிதியாண்டில் எந்த நாளில் 60 முடிந்தாலும் அந்த ஆண்டு முழுவதற்கும் மூத்த குடிமகன். மார்ச் 20 அன்று 60 முடிந்தால்கூட முந்தைய ஏப்ரலில் இருந்தே. அங்கே பார்ப்பது பான் பதிவில் உள்ள தேதி, ஆதார் தேதி அல்ல. பான் தேதியும் ஆதார் தேதியும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் இணைக்க முடியாது, இணையாத பான் செயலற்றதாகிவிடும், வரி பிடிக்க வேண்டிய அளவுக்கு வட்டி வந்தால் 20 சதவீதம் பிடிப்பார்கள். வயதுக் கோளாறு கடைசியில் இப்படிப் போய் முடியும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

ஒரு உதாரணம்: பாலக்கோடு விவசாயி, மூன்று வயது

பாலக்கோடு தாலுகாவில் ஒரு விவசாயி, ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர் என்று வைத்துக்கொள்வோம். 2025 டிசம்பரில் அவரிடம் இருப்பவை:

1. வாக்காளர் அட்டை: 1.1.1995 அன்று வயது 32. அப்படியானால் பிறந்தது பெரும்பாலும் 1962.

2. ஆதார்: 2012 முகாமில் 45 என்று சொன்னார். அட்டையில் 01/01/1967.

3. பான்: பள்ளிப் பதிவுத்தாளை வைத்து வாங்கியது. 10/06/1964.

வாக்காளர் அட்டைப்படி 60ஐத் தாண்டிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. பான்படி 61. ஆதார்படி 58. வங்கிப் பதிவில் இருப்பது ஆதார் தேதி.

ரயிலில் இவருக்குப் பிரச்சினை இல்லை. வயது 61 என்று பதிவு செய்து பான் அட்டையைக் காட்டினால் போதும். வங்கியில் அப்படி நடக்காது, ஆதார் தேதிப்படி 2027 ஜனவரி 1 அன்றுதான் அவருக்கு 60. பான் தேதிப்படி 2024 ஜூனிலேயே ஆகிவிட்டது. இடையில் இரண்டரை ஆண்டு. 5 லட்சம் டெபாசிட்டில் அரை சதவீதம் என்றால் ஆண்டுக்கு 2,500 ரூபாய், மொத்தத்தில் ஆறாயிரத்துச் சொச்சம் போகிறது. அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீதத்தில் அதே 5 லட்சத்தைப் போட்டிருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 10,250 ரூபாய் கைக்கு வந்திருக்கும். அந்தக் கதவும் அதுவரை மூடித்தான் இருக்கும்.

இவர் எந்தத் தேதியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்? பலர் செய்யும் தவறு, தனக்கு லாபமான தேதியைத் தேடுவது. வாக்காளர் அட்டைப்படி வயது அதிகம் என்று அதைப் பிடித்தால் எங்கும் நிற்காது, அது வாயால் சொன்ன வயது. பிடிக்க வேண்டியது மிகப் பழைய எழுத்து, அதாவது 1969 வாக்கில் பள்ளியில் சேர்த்தபோது எழுதியது. அந்தத் தேதியும் ஆசிரியர் குத்துமதிப்பாகப் போட்டதாக இருக்கலாம், ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்பதற்காக நம் தலைமுறையில் ஏகப்பட்ட பேருக்கு மே, ஜூனில் பிறந்தநாள். ஆனாலும் அப்போது யாரும் மூத்த குடிமக்கள் வட்டியை மனதில் வைத்து எழுதவில்லை, அதனால்தான் நீதிமன்றமும் அதற்கு மதிப்புத் தருகிறது.

ஆதாரைத் திருத்தும் வழி

ஆதாரில் பிறந்த தேதியை வாழ்நாளில் ஒருமுறைதான் மாற்ற முடியும். முதலில் பதிந்தது கணக்கில் வராது, அதனால் இவருக்கு அந்த ஒரு வாய்ப்பு மிச்சம் இருக்கிறது. அதை அவசரப்பட்டு வீணாக்கினால், அடுத்ததற்கு பெங்களூரில் உள்ள மண்டல அலுவலகம் வரை விதிவிலக்குக் கேட்டு அலைய வேண்டும். எனவே வரிசை முக்கியம்:

1. படித்த பள்ளிக்குப் போய் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து பதிவுத்தாளின் நகல் வாங்குவது. பெயர், தகப்பனார் பெயர் எழுத்துக்கூட்டு பானில் உள்ளபடியே இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட வேண்டும்.

2. பிறப்புப் பதிவைத் தேடுவது. விஏஓ, தாலுகா அலுவலகம், சார் பதிவாளர் அலுவலகம் என்று கேட்க வேண்டும். கேட்கும்போது "சேலம் மாவட்டம் என்று இருந்த காலத்துப் பதிவேடு" என்று சொல்லுங்கள், தேடுபவருக்கு அது உதவும். கிடைத்தால் பெயரைச் சேர்த்துச் சான்றிதழ் வாங்கலாம். கிடைக்காவிட்டால் "பதிவு இல்லை" என்று எழுத்தில் வாங்க வேண்டும், இந்தத் தாள் இல்லாமல் அடுத்த படி நகராது.

3. ஓராண்டுக்கு மேல் தாமதமான பிறப்புப் பதிவுக்குக் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். பாலக்கோடு தருமபுரிக் கோட்டத்தில் வருகிறது. அரூர் பக்கத்தவர்களுக்கு அரூர், அந்தப் பக்கம் கிருஷ்ணகிரி, ஓசூர். பள்ளிப் பதிவுத்தாள், பதிவு இல்லை என்ற சான்று, உறுதிமொழிப் பத்திரம் எல்லாம் வைத்து மனு கொடுத்தால், விஏஓவும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து அறிக்கை தருவார்கள், அதன் மேல் உத்தரவு வரும்.

4. சான்றிதழ் கைக்கு வந்த பிறகே ஆதார் மையம். கட்டணம் 75 ரூபாய். ஒப்புகைச் சீட்டில் ஆபரேட்டர் அடித்த தேதியை அங்கேயே நின்று படித்துப் பாருங்கள், 10/06 என்பதை 06/10 என்று அடித்துவிட்டால் அந்த ஒரு வாய்ப்பும் அதோடு போயிற்று.

5. அதன் பிறகு வங்கியில் கேஒய்சி புதுப்பித்து, பிறந்த தேதியை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுப்பது. ஆதாரை மாற்றினால் வங்கிப் பதிவு தானாக மாறாது.

பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு இவ்வளவு அலைச்சல் இல்லை. மதிப்பெண் பட்டியலே போதும், நேராக நான்காவது படிக்குப் போகலாம். பாஸ்போர்ட்டும் ஆதார் திருத்தத்துக்குச் செல்லும். இதில் ஒரு வேடிக்கை உண்டு: 2023 அக்டோபர் 1க்கு முன் பிறந்தவர்கள் பாஸ்போர்ட் எடுக்கும்போது பிறந்த தேதிக்குப் பானைக் காட்டலாம். ஆதாரைத் திருத்தப் பாஸ்போர்ட், பாஸ்போர்ட் எடுக்கப் பான் என்று ஒன்றையொன்று பிடித்துத் தொங்குகின்றன. "பாஸ்போர்ட் எடுத்துடலாம், எல்லாம் சரியாயிடும்" என்று ஏஜென்ட் சொல்வது இதை வைத்துத்தான். பான் தேதி பள்ளிப் பதிவிலிருந்து வந்தது என்றால் அதில் தப்பில்லை. கையில் எதுவும் இல்லாமல் தேதியை உருவாக்கி எழுதிக் கொடுத்தால், பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பொய்த் தகவல் தருவது குற்றம், மாட்டுவது ஏஜென்ட் அல்ல.

பள்ளிக்கே போகாதவர்கள்? முதியோர் ஓய்வூதியத்துக்கு மட்டும் மத்திய வழிகாட்டு விதிகளில் இடம் விட்டிருக்கிறார்கள்: பிறப்பு, பள்ளிச் சான்று இல்லாவிட்டால் ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டையைப் பரிசீலிக்கலாம், அதுவும் இல்லாவிட்டால் அரசு மருத்துவர் தரும் வயதுச் சான்று. அந்த மருத்துவச் சான்று ஓய்வூதியத்துக்கானது. வளர்ந்தவரின் எலும்பைப் பார்த்து 58ஆ 61ஆ என்று எந்த மருத்துவராலும் பிரித்துச் சொல்ல முடியாது, அதனால் அதை வைத்து வங்கியில் தேதியை மாற்றச் சொல்லிக் கேட்டால் ஏற்க மாட்டார்கள்.

பாலக்கோடுக்காரருக்கு இன்னொரு கேள்வி மிச்சம். எல்லாம் திருத்தி முடித்துவிட்டார், ஒரு வருட டெபாசிட் 5 லட்சம் எட்டு மாதம் ஓடியிருக்கிறது, நான்கு மாதம் பாக்கி. உடைத்துவிட்டு மூத்த குடிமகனாகப் புதிதாகப் போடலாமா? நான்கு மாதத்துக்கு அரை சதவீதம் கூடுதல் என்றால் கிடைப்பது 833 ரூபாய். முன்கூட்டியே முடிப்பதற்கு அவர் வங்கி ஒரு சதவீதம் குறைக்கிறது என்றால் ஓடிய எட்டு மாதத்துக்கு 3,333 ரூபாய் போகும். நான்கு மாதம் பொறுத்து, முதிர்வு நாளில் நேரில் போய்ப் புதுப்பித்து, புது ரசீதில் விகிதத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.